துபாயிலிருந்து பவர் பத்திரம் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கும்பகோணத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்திரம் தயாரிக்கிற வேலை என்னுடையது. எங்களிடம் வருகிற குடும்பச் சொத்துக் கிரயங்களில் வில்லங்கம் சுத்தமாக இருக்கும், பட்டா சரியாக இருக்கும், வாங்குபவர் பணத்தோடு தயாராக இருப்பார். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளையின் கையெழுத்து மட்டும் வந்திருக்காது. ஊரில் இருப்பவர் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பார். அங்கே இருப்பவரும் மறுத்திருக்க மாட்டார். ஆனாலும் பத்திரம் நகராது.

இப்படி நிற்கிற பத்திரத்தை நகர்த்துவதற்கான குறிப்பு இது. உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். அப்பா பெயரில் இருந்த வீடு. அவர் காலமான பின் அக்கா, தம்பி, தங்கை மூவருக்கும் பங்கு. தம்பியும் தங்கையும் இங்கே, அக்கா துபாயில். அக்கா வர முடியாததால், தன் சார்பில் தன் பங்கை விற்கும் அதிகாரத்தைத் தம்பிக்குக் கொடுக்கும் பவர் பத்திரத்தை எழுதித் தர ஒத்துக்கொண்டார். வாங்குபவரோடு போட்ட கிரய ஒப்பந்தப்படி ஆகஸ்ட் 20 வியாழக்கிழமை பதிவு.

முதலில், பவர் போகும் பாதை. வரைவை அக்கா படித்துச் சரி சொல்ல வேண்டும். அதை அச்செடுத்து, துபாயில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி, அங்கே அதிகாரி முன்னால் கையெழுத்திட வேண்டும். தூதரகத்தின் சான்றொப்பத்தோடு அசல் பத்திரத்தை கூரியரில் அனுப்ப வேண்டும். அது வந்ததும் இங்கே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிச் செல்லுபடியாக்க வேண்டும். அதன் பிறகுதான் தம்பி அதை வைத்துக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட முடியும். பதிவுச் சட்டத்தின் 33-வது பிரிவு, வெளிநாட்டில் இருப்பவர் நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அதிகாரி ஆகியோரில் ஒருவர் முன்னால் பவர் எழுதலாம் என்கிறது. எங்கள் பக்கம் யாரும் கேள்வி கேட்காமல் ஏற்பது தூதரகச் சான்றொப்பத்தைத்தான் என்பதால் நாங்கள் அதையே சொல்கிறோம்.

அறிகுறி: செய்தியைப் பார்த்துவிட்டார், "பார்க்கிறேன்" என்றார், அதன்பின் ஒன்றுமில்லை

இதுதான் அதிகம் வருவது. தம்பி தன் போனைக் காட்டினார். ஜூன் மாதக் கடைசியில் அவர் அக்காவுக்கு அனுப்பியிருந்தது ஏழு பக்கப் பிடிஎஃப் ஒன்றும், "அக்கா, பவர் பத்திரம். கையெழுத்து போட்டு அனுப்பு" என்ற ஒரு வரியும். அக்கா பதிலுக்குக் கட்டைவிரல் எமோஜி போட்டிருந்தார். அதற்குக் கீழே தம்பியின் செய்திகள் வரிசையாக: "அக்கா பாத்தியா?", "என்னாச்சு அக்கா?", "கொஞ்சம் சீக்கிரம் பாரு."

இதை அக்காவின் பக்கத்திலிருந்து பாருங்கள். "கையெழுத்து போட்டு அனுப்பு" என்பது ஒரு வேலை மாதிரி தெரிகிறது. உள்ளே ஐந்து வேலைகள் இருக்கின்றன. எந்தத் தாளில் அச்செடுப்பது? முத்திரைத்தாள் வேண்டுமா? எங்கே போவது, யாரைக் கூட்டிப் போவது, அலுவலகத்தில் எத்தனை மணி நேரம் அனுமதி கேட்பது? இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த வரியில் பதில் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாத வேலையை வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் தள்ளிவைப்போம். அக்காவும் அதைத்தான் செய்தார்.

தம்பி இரண்டு வாரமாகத் தவறான வேலையைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் எங்களுக்கு முதலில் தெரிந்தது. அக்கா செய்ய வேண்டிய முதல் காரியம் கையெழுத்து இல்லை, தூதரகத்தில் நேரம் பதிவு செய்வது. அது கிடைக்காமல் மற்றது எதுவும் நடக்காது. அதனால் புதுச் செய்தி இப்படிப் போனது:

"அக்கா, பவர் விஷயமாக இந்த வாரம் நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தூதரகச் சான்றொப்பத்துக்கு ஜூலை 27 திங்களுக்கோ அதற்கு முன்னால் ஒரு நாளுக்கோ நேரம் பதிவு செய். ஜூலை 10 வெள்ளிக்குள் செய்துவிட்டு, உறுதிச் சீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு. இப்போது எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். முடிவான பத்திரத்தை 8-ஆம் தேதி நான் அனுப்புவேன், அதை எப்படி அச்செடுப்பது என்று அதிலேயே எழுதியிருக்கும். 27-ஐத் தாண்டினால் அசல் ஆகஸ்ட் 6-க்குள் இங்கே வந்து சேராது, 20-ஆம் தேதி பதிவு தள்ளிப்போகும்."

இதில் ஒரு வேலை, ஒரு தேதி, முடிந்ததற்கு ஒரு அடையாளம், தேதிக்கு ஒரு காரணம். பத்திரத்தை இதோடு இணைக்கவில்லை. இணைத்தால் கண் அங்கே போய்விடும். "ஸ்கிரீன்ஷாட் அனுப்பு" என்பதை விட்டுவிடாதீர்கள். "பதிவு பண்ணிட்டியா?" என்று கேட்டால் "பண்றேன்" என்று பதில் வரும். சீட்டைக் கேட்டால் சீட்டு வரும், அல்லது அது ஏன் இன்னும் இல்லை என்ற உண்மையான காரணம் வரும்.

இங்கே உண்மையான காரணம்தான் வந்தது. அடுத்த நாள் காலையில் அக்கா எழுதினார்: "சாட்சி ரெண்டு பேர் நேர்ல வரணுமாம், யாரக் கூப்பிடறதுன்னு தெரியலடா." இரண்டு வாரமாக அவர் நின்றுகொண்டிருந்த இடம் அது. சாட்சிகள் நேரில் வர வேண்டுமா, அவர்களின் எந்த அடையாள அட்டை வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். சில ஊர்களில் மனுவைத் தூதரகத்தில் வாங்காமல் வெளி மையத்தில் வாங்குகிறார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் அமெரிக்காவில் செய்த முறையை துபாய்க்குச் சொல்லாதீர்கள். அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தில் பவர் பத்திரத்துக்கான பக்கத்தை நீங்களே ஒருமுறை படித்து, அந்த இணைப்பையே செய்தியில் கொடுங்கள். அக்காவுக்கு சாட்சியாக அவருடைய அலுவலகத் தோழி ஒருவரும் அந்தத் தோழியின் கணவரும் ஒத்துக்கொண்டார்கள். ஜூலை 9 மாலை சீட்டு வந்துவிட்டது.

அறிகுறி: "எப்ப வேணும்?" என்று கேட்கிறார், நீங்கள் "சீக்கிரம்" என்கிறீர்கள்

"சீக்கிரம்" என்பதை நாள்காட்டியில் குறிக்க முடியாது. "ஆகஸ்ட் 20-க்குள்" என்பதும் அவருக்கு உதவாது, ஏனென்றால் அது உங்கள் தேதி. 20-ஆம் தேதி பதிவு என்றால் 15-ஆம் தேதி அனுப்பினால் போதும் என்று அவர் நினைத்துக்கொள்வார், அதில் தப்பில்லை. அவர் கையை விட்டு வேலை போக வேண்டிய தேதியை நீங்கள்தான் பின்னாலிருந்து எண்ணிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் தாளில் எண்ணியது இப்படி. பதிவு ஆகஸ்ட் 20. மாவட்டப் பதிவாளர் அலுவலக வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்கினோம், நடுவில் ஆகஸ்ட் 15 விடுமுறையும் வருகிறது. ஆக அசல் ஆகஸ்ட் 6 வியாழனுக்குள் கையில் இருக்க வேண்டும். கூரியருக்கு ஒரு வாரம். ஜூலை 30 வியாழனுக்குள் துபாயில் கிளம்ப வேண்டும். தூதரகத்தில் அன்றே கையில் கொடுக்காமல் ஓரிரு நாள் கழித்து வாங்கிக்கொள்ளச் சொல்லக்கூடும், அதனால் நேரம் ஜூலை 27 திங்கள் அல்லது முன்னால். அங்கே நேரம் கிடைப்பதே சிரமம் என்பதால் பதிவு செய்ய ஜூலை 10.

அக்காவுக்கு இந்தக் கணக்கு முழுதும் போகவில்லை. அவருக்குப் போனவை மூன்று தேதிகள்: 10 நேரம் பதிவு, 27 கையெழுத்து, 30 கூரியர். நடுவில் இருக்கிற எங்கள் தேதிகள் எங்கள் தாளில் இருந்தால் போதும். கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். துபாயில் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரசு அலுவலகங்களுக்கு அரை நாள். "27 திங்கள்" என்று பார்த்ததும் அவர் மனதில் அலுவலக அனுமதிக் கணக்கு தானாக ஓடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாத கெடுவைச் சொல்லாதீர்கள். "வாங்குபவர் ஓடிடுவார், நாளைக்கே வேணும்" என்று ஒருமுறை சொல்லி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தால், அதன்பின் நீங்கள் சொல்கிற எந்தத் தேதிக்கும் மதிப்பு இருக்காது. உண்மையான கெடு எது, நாம் வசதிக்காக வைத்தது எது என்று பிரித்தே சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய பதிவு தேதி உண்மையானது. சட்டக் கெடுவும் ஒன்று இருக்கிறது: வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்கிறது முத்திரைச் சட்டம். அது அக்காவுடைய கெடு இல்லை, தம்பியுடையது. அவர்தான் அதைத் தன் நாள்காட்டியில் எழுதிவைக்க வேண்டும்.

அறிகுறி: கையெழுத்து வந்துவிட்டது, ஆனால் வீட்டிலேயே போட்டிருக்கிறார்

மனதுக்குக் கஷ்டமான அறிகுறி இது. மனிதர் அக்கறையாக, அன்றிரவே அச்செடுத்து, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஸ்கேன் எடுத்து அனுப்பியிருப்பார். அது பயன்படாது. அதிகாரி கண்ணெதிரே போட்ட கையெழுத்துக்குத்தான் சான்றொப்பம். புதிதாக அச்செடுத்து, முதலிலிருந்து செய்ய வேண்டும். அவரைத் திட்டாதீர்கள். கோடு போட்டு, கீழே பெயர் எழுதிய இடத்தைப் பார்த்தால் யாருக்கும் கை பேனாவைத்தான் தேடும். நிறுத்தச் சொல்லி எதுவும் எழுதாமல் அனுப்பியது நம் தவறு.

இதற்கு நாங்கள் செய்வது ஒரு முன்தாள். பத்திரத்துக்கு மேலே தனியாக வைக்கும் ஒரு ஏ4 தாள். பத்திரத்தின் மேல் எந்தக் குறிப்பும் எழுதுவதில்லை, பென்சிலால்கூட. அக்காவுக்குப் போன முன்தாளில் கையெழுத்து பற்றி இருந்தது இவ்வளவுதான்:

"வீட்டில் கையெழுத்துப் போட வேண்டாம். 27-ஆம் தேதி அதிகாரி முன்னால் மட்டும்.

வெள்ளை ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும், இரண்டு பிரதி அச்செடு. இந்திய முத்திரைத்தாள் தேவையில்லை. தீர்வையை இங்கே கட்டுவோம்.

ஒவ்வொரு பிரதியிலும் ஏழு பக்கத்திலும் அடியில் வலது ஓரத்தில் உன் கையெழுத்து. ஏழாம் பக்கத்தில் மட்டும் கூடுதலாக உன் பெயருக்கு மேலே ஒன்று. ஆக எட்டு. பாஸ்போர்ட்டில் போடுகிற அதே கையெழுத்து.

சாட்சிகள் ஏழாம் பக்கத்தில் மட்டும். பெயர், முகவரி அவர்கள் கையாலேயே எழுதட்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: உன் பாஸ்போர்ட் அசலும் நகலும், விசா நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், சாட்சிகளின் பாஸ்போர்ட்டுகள். தூதரகப் பக்கத்தில் வேறு ஏதாவது கேட்டிருந்தால் அதுவும்.

எழுந்து வருவதற்கு முன்: எட்டுக் கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணு. முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா பார்."

கடைசி வரியும் "ஆக எட்டு" என்ற எண்ணும்தான் இந்தத் தாளின் உயிர். "எல்லாப் பக்கத்திலும் போடு" என்று சொன்னால், சொத்து விவரம் இருக்கிற பக்கம் விட்டுப்போகும். அந்தப் பக்கத்தில் கோடும் இருக்காது, பெயரும் இருக்காது, வெறும் சர்வே எண்ணும் நான்கு எல்லையும்தான். எனக்குத் தெரிந்து விட்டுப்போகும் பக்கம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். எண்ணிக்கை கையில் இருந்தால் அவரே அங்கேயே கண்டுபிடித்துவிடுவார். துபாயில் அந்த நாற்காலியை விட்டு எழுந்தபின் கண்டுபிடித்தால் மறுபடி ஒரு நேரம், ஒரு விடுப்பு, இரண்டு சாட்சிகள்.

அறிகுறி: தூதரகம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டார்

நான் பார்த்தவரை இதற்குக் காரணம் பெயர். தாய்ப்பத்திரத்திலும் வாரிசுச் சான்றிலும் அப்பாவின் முதலெழுத்தோடு ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோடு இன்னொன்று. கவுன்டரில் இருப்பவருக்கு பாஸ்போர்ட்டில் உள்ளதும் தாளில் உள்ளதும் பொருந்த வேண்டும். சார்பதிவாளருக்குத் தாய்ப்பத்திரமும் பவரும் பொருந்த வேண்டும். இரண்டு பேருக்கும் பொருந்த ஒரே வழி, பத்திரத்தில் பாஸ்போர்ட் பெயரை முதலில் எழுதி, "என்கிற" போட்டு மற்ற பெயரையும் சேர்த்து, இருவரும் ஒருவரே என்று ஒரு வரி எழுதுவது. அதனால் வரைவு எழுதும் முன்பே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தம்பி வாயால் சொன்ன எழுத்துகளை நம்பி ஆங்கிலத்தில் பெயர் எழுதி, ஒரு எழுத்து கூடிப்போய்த் திரும்பி வந்த பத்திரம் எங்கள் அலுவலகத்திலேயே உண்டு.

அறிகுறி: "எனக்கு ஓகே. அவர் ஒரு தடவ பாக்கட்டும்"

இங்கே நிதானம் வேண்டும். மேலே சொன்ன எல்லாம் வழி தெரியாமல் நிற்பவருக்கானவை. இது வேறு. அவருக்கு வழி தெரியும், மனம் வரவில்லை. வேறுபாட்டை அவர் கேட்கும் கேள்வியில் கண்டுபிடிக்கலாம். எங்கே, எப்போது, எத்தனை பிரதி என்று கேட்டால் படிகளில் சிக்கல். "இதுல பணம் வாங்குறது யாரு?", "இது இந்த வீட்டுக்கு மட்டுமா?" என்று கேட்டால் பத்திரத்தில் சிக்கல். கேள்வியே கேட்காமல் ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொன்னாலும் பத்திரத்தில் சிக்கல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நினைவூட்டல் எத்தனை அனுப்பினாலும் இது தீராது, கசப்புதான் கூடும்.

எங்கள் அக்காவும் ஜூலை 12 வாக்கில், தன் கணவர் ஒருமுறை பார்க்கட்டும் என்று, இந்த இடத்தில் வந்து நின்றார். தம்பிக்குக் கோபம். "என் மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று என்னிடம் கேட்டார். நான் வரைவை எடுத்துப் பார்த்தேன். பழைய மாதிரி ஒன்றிலிருந்து எடுத்த பொது அதிகாரம் அது. விற்க, அடமானம் வைக்க, வாடகைக்கு விட, பணம் பெற, வழக்கு நடத்த, எல்லாமும் இருந்தது. ஒரு வீட்டில் மூன்றில் ஒரு பங்கை விற்க இவ்வளவு எதற்கு? மாப்பிள்ளை தயங்கியது நியாயம். கையெழுத்திடும் முன் படித்துப் பார்ப்பது அக்காவின் உரிமை, அதைத் தடையாகப் பார்க்கக்கூடாது என்று தம்பியிடம் சொன்னேன்.

பத்திரத்தை மாற்றினோம். இந்த ஒரு சொத்து, அதன் சர்வே எண், அக்காவின் பங்கு, அதைக் கிரயம் செய்து பதிவு செய்யும் அதிகாரம் மட்டும். அடமானம் போனது, வழக்கு போனது. பணம் பெறும் அதிகாரத்தையும் எடுத்துவிட்டு, அக்காவின் பங்குத் தொகை, வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கிற அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு வாங்குபவரிடமிருந்து நேராகப் போகும் என்று எழுதினோம். அப்புறம் தம்பியை உட்காரவைத்து, செய்தி இல்லை, போன் பண்ணச் சொன்னேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, இதுல நான் உன் பங்க விக்க மட்டும்தான் முடியும். பணம் என் கைக்கு வராது, உன் கணக்குக்கு நேரா வரும். மாமாகிட்ட குடு, அவர் படிச்சுட்டு என்ன மாத்தணும்னாலும் செவ்வாய்க்குள்ள சொல்லட்டும்."

செவ்வாய் என்று ஒரு நாள் சொன்னது முக்கியம். படித்துப் பார்ப்பதும் ஒரு படிதான், அதற்கும் ஒரு தேதி வேண்டும். மாப்பிள்ளை திங்களே பதில் போட்டார், ஒரு வரியை மட்டும் மாற்றச் சொன்னார்: குறைந்தபட்ச விலை எழுத வேண்டும் என்று. எழுதினோம்.

மாற்றிய பத்திரத்தை அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. போனில் இப்போது இரண்டு பிடிஎஃப் இருக்கும். அவர் பழையதை அச்செடுத்துவிடுவார். கோப்பின் பெயரிலேயே தேதியைப் போடுங்கள், பழையதை அவர் போனிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள், முன்தாளில் "14 ஜூலை பிரதி" என்று எழுதுங்கள்.

அறிகுறி: நாள் நெருங்க நெருங்கப் பேச்சில்லை

நினைவூட்டலில் புதிதாக ஒன்று இருந்தால்தான் ஆள் திறந்து பார்ப்பார். "ஞாபகம் இருக்கா?" என்பதில் ஒன்றும் இல்லை. நாங்கள் அனுப்பியவை மூன்று. ஒரு வாரம் முன்னால், சாட்சிகள் இருவருக்கும் நேரம் சொல்லியாயிற்றா என்று மட்டும். வெள்ளிக்கிழமை, முன்தாளின் படம்; வாரக் கடைசியில் அச்செடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு மாலை, பையில் இருக்க வேண்டிய காகிதங்களின் வரிசை மட்டும். மூன்றையும் தம்பி ஒருவரே அனுப்பினார். தங்கை ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம் என்று ஆளாளுக்குக் கேட்டால், அக்கா ஒருவருக்குப் பதில் சொல்லிவிட்டு எல்லாருக்கும் சொன்னதாக நினைத்துக்கொள்வார்.

அறிகுறி: ஸ்கேன் வந்துவிட்டது, "முடிஞ்சுது" என்கிறார்

முடியவில்லை. இங்கே செல்வது அசல் மட்டும். அலுவலகங்களில் எல்லாம் பிடிஎஃப்பில் நடக்கிற ஊரில் இருப்பவருக்கு இது தோன்றாது. அதனால் முன்தாளிலேயே மூன்றாவது தேதியாகக் கூரியரை எழுதிவிடுங்கள், அனுப்ப வேண்டிய முழு முகவரியோடும் போன் எண்ணோடும். ஸ்கேனும் வேண்டும்தான், அது வந்ததும் எட்டுக் கையெழுத்தையும் முத்திரையையும் இங்கே சரிபார்த்து, "சரியாக இருக்கிறது, அனுப்பு" என்று சொன்ன பின்பே கூரியரில் போடச் சொல்லுங்கள். அப்போது தவறு இருந்தால் தாள் இன்னும் அவர் கையில் இருக்கும்.

இரண்டாவது பிரதியை அவரே வைத்துக்கொள்ளட்டும். கூரியர் சீட்டில் இருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உறை வந்து சேர்ந்ததும் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். மூன்று மாதக் கெடு அது இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, அந்த நாளைக் காட்டுவதற்கு உறையும் அதன் மேல் ஒட்டிய சீட்டும்தான் சாட்சி. தம்பியிடம் இதைச் சொல்லியிருந்தேன். ஆகஸ்ட் 4 செவ்வாய் மதியம் அவர் அலுவலகத்துக்கு வந்தபோது, உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்திருந்தார். நான் ஓரத்தில் மெல்ல வெட்டி, பக்கங்களைப் புரட்டி எண்ணினேன். சொத்து விவரப் பக்கத்திலும் இருந்தது.

கடைசியாக வரும் ஒரு அறிகுறி: எல்லாம் சரி, பதிவு அன்று இன்னொரு காகிதம் கேட்கிறார்கள்

பவர் வைத்துப் பதிவு செய்யும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு உயிர்வாழ் சான்று கேட்பார்கள். அதற்கும் அக்காதான் நகர வேண்டும். பழைய தேதியிட்டது எடுபடாது, அதனால் இதைப் பவரோடு சேர்த்து ஜூலையில் வாங்கிவைக்காமல் பதிவை ஒட்டி வாங்குவது நல்லது. உங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் எந்த வடிவில், யாரிடம் வாங்கியது வேண்டும் என்று பத்திர எழுத்தர் மூலம் முன்பே கேட்டுவிடுங்கள். அக்காவிடம் முதல் நாளே "ஆகஸ்ட் 10-ஐ ஒட்டி ஒரு சின்ன சான்று கேட்பேன், அதோடு உன் பங்கு வேலை முடிந்தது" என்று சொல்லிவைத்திருந்தோம். அதனால் 10-ஆம் தேதி தம்பி ஒரே ஒரு செய்தி அனுப்பினார், மாதிரியும் கடைசி நாளும் போட்டு. மூன்றாம் நாள் சான்று கிளம்பிவிட்டது.